ஆரஞ்சு அலர்ட் அன்று பாளையங்கோட்டையில் ஏன் வெயில் அடித்தது?

கேள்வி: சார், எங்கள் பள்ளி வானொலிப் பேட்டியில் நேரம் போதாமல் விட்டுப்போன கேள்வி இது. நெல்லைக்கு ஆரஞ்சு அலர்ட் என்று லீவு விடுகிறார்கள், பாளையங்கோட்டையில் வெயில் அடிக்கிறது. 2023 டிசம்பரில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. வானிலை அறிக்கை ஏன் தப்புகிறது? அதை எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்:

முதலில் வெயில் அடித்த நாளைப் பார்ப்போம். அன்றைய அறிக்கையில் அநேகமாக இப்படி ஒரு வரி இருந்திருக்கும்: "திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை முதல் மிக கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது." டிவியில் அடியில் ஓடும்போது இது "நெல்லையில் மிக கனமழை" என்று சுருங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வரும்போது "நாளை நெல்லை தாங்காது" என்று ஆகிவிடும். சுருக்கும்போது முதலில் விழுவது "ஓரிரு இடங்களில்" என்ற இரண்டு சொற்கள். அந்த வரியில் மிக முக்கியமானவை அவைதான்.

வானிலைத் துறையில் இந்தச் சொற்களுக்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால் பங்கு வரை மட்டும் மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்களில்". கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் "ஒரு சில இடங்களில்". பாதிக்கு மேல் முக்கால் பங்கு வரை "பல இடங்களில்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்". ஒரு மாவட்டத்தில் 20 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்று சொன்ன அன்று மலையில் இருக்கும் நாலுமுக்கு, ஊத்து என்ற இரண்டு ஊர்களில் மட்டும் மிக கனமழை பெய்து, மற்ற 18 இடங்களில் லேசான தூறலோ வெயிலோ இருந்தால், அந்த அறிக்கை பலித்துவிட்டது. பாளையங்கோட்டையில் துணி காய்ந்ததை வைத்து அது தப்பு என்று சொல்ல முடியாது.

நம் மாவட்டத்தில் இது அடிக்கடி நடப்பதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்கே வருகிறது. மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்றும் அப்படித்தான் வரும். ராதாபுரம், நாங்குநேரி, பாளையங்கோட்டை வரைக்கும் சமவெளி. காற்று மேலே ஏற வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. மணிமுத்தாறைத் தாண்டியதும் எதிரே மலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று 20 கிலோமீட்டருக்குள்ளேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது, அங்கேயே கொட்டிவிடுகிறது. அதனால் மலையில் 15 சென்டிமீட்டர், சமவெளியில் ஒன்றுமில்லை என்பது இங்கே சாதாரணம். ஆனால் எச்சரிக்கையும் விடுமுறையும் மாவட்டத்துக்கு மொத்தமாகத்தான் வருகின்றன.

லீவு விடுவது வானிலைத் துறை அல்ல, கலெக்டர் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் முந்தின நாள் மாலையோ விடிகாலையோ முடிவு எடுத்தாக வேண்டும். லீவு விட்டு மழை வராமல் போனால் ஒரு நாள் பாடம் போகும். லீவு விடாமல் மழை வந்துவிட்டால் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் தரைப்பாலத்தில் மாட்டுவார்கள். இரண்டும் சமமான நஷ்டம் இல்லை. அதனால் வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருக்கும்போதே லீவு விடுவது சரியான முடிவுதான். அந்த முடிவை வைத்து அறிக்கையின் தரத்தை அளக்கக் கூடாது.

இனி உண்மையாகவே கஷ்டமான பகுதி. 2023 டிசம்பர் 17.

அன்று குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலத்தில் ஒரு காற்றுச் சுழற்சி இருந்தது. புயல் இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. பெயர் வைக்கிற அளவுக்குத் தகுதி இல்லாத ஒன்று. முந்தைய நாட்களிலேயே தென்மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தது, 17-ஆம் தேதி அது சிவப்பு ஆனது. 18-ஆம் தேதி காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாஞ்சோலைப் பக்கமும் 50-ஐத் தாண்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு முழு வருஷத்தில் பெய்யும் சராசரி மழையைவிட அதிகமான மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது. ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் அங்கே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 950 லிட்டர் விழுந்திருக்கிறது.

எச்சரிக்கை எப்போது வந்தது, எவ்வளவு சொன்னார்கள் என்று பிறகு மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே பெரிய விவாதமே நடந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, சிவப்பு எச்சரிக்கையோடு வரும் "அதி கனமழை" என்ற சொல்லின் அளவு. 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டர் அளவில் கனமழை தொடங்குகிறது. சுமார் 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை. 20.45-ஐத் தொட்டால் அதி கனமழை. அதற்கு மேலே வேறு சொல் கிடையாது. சிவப்புக்கு மேலே வேறு நிறமும் கிடையாது. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழைதான், 95 பெய்தாலும் அதி கனமழைதான். அந்தச் சொல்லுக்குத் தரை உண்டு, கூரை இல்லை. "20 சென்டிமீட்டருக்கு மேல்" என்று கேட்டவர்கள் மனதில் 20, 25 என்றுதான் பதிந்தது. சொல்லின் கணக்குப்படி அறிக்கை சரி. ஆனால் ஆற்றங்கரையில் இருந்தவருக்கு அது போதவில்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, 95 என்று முன்கூட்டியே ஏன் சொல்ல முடியவில்லை? 95-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 4 சென்டிமீட்டர் வரும். ஒரு மணி நேரத்தில் 4 சென்டிமீட்டர் என்பது அதிசயம் இல்லை. சித்திரை மாதத்தில் ஒரு நல்ல இடிமழையே அவ்வளவு கொடுக்கும். ஆனால் சாதாரண இடிமேகம் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மழையோடு சேர்ந்து கீழே இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, மேகத்துக்கு அடியில் இருந்து போகும் சூடான ஈரக்காற்றை வெட்டிவிடும். 17-ஆம் தேதி அசாதாரணமாக இருந்தது மழையின் வேகம் அல்ல, அது நிற்காமல் போனதுதான். ஒரு மேகம் கரையும்போது கடல்மேல் அடுத்த மேகம் தயாராகி, ரயில் பெட்டிகள் ஒரே ஸ்டேஷனை வரிசையாகக் கடப்பது போல ஒரே கரையின் மீது வந்துகொண்டே இருந்தது. சுழற்சி நகராமல் நின்றதால் காற்று வந்த திசையும் மாறவில்லை.

கணினி மாதிரிகள் இந்த இடத்தில்தான் திணறும். உலகம் முழுவதையும் கணக்குப் போடும் மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. அப்போது நாம் பார்த்துக்கொண்டிருந்த முக்கியமான மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் 9 முதல் 12 கிலோமீட்டர். ஒரு இடிமேகத்தின் அகலமே சில நேரம் அதைவிடக் குறைவு. அதனால் மாதிரி மேகத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. "இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஈரம், இவ்வளவு வெப்பம் இருந்தால் சராசரியாக இவ்வளவு மழை பெய்யும்" என்று ஒரு தோராய விதியை வைத்து அளவு சொல்கிறது. சராசரியில் உச்சங்கள் மழுங்கிவிடும். மலைக்கும் இதே கதிதான். மணிமுத்தாறில் இருந்து ஊத்து வரைக்குமான செங்குத்தான ஏற்றம் முழுவதும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கி, மாதிரியின் கண்ணுக்குச் சாய்வான மேடாகிவிடும்.

இன்னொன்று, சுழற்சியின் மையத்தை மாதிரி 50 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் போதும். குமரிக்கடல் வரைபடத்தில் அது ஒரு விரல்நுனி. ஆனால் காயல்பட்டினத்தில் விழ வேண்டியது நடுக்கடலில் விழுந்துவிடும். அந்தத் தவறைக் குறைக்க, கடல்மேல் இப்போது என்ன நடக்கிறது என்று அளந்தாக வேண்டும். காற்றின் மேலடுக்கை அளக்கும் பலூன்கள் அதிகாலை 5.30, மாலை 5.30 என்று ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் பறக்கும், அதுவும் நமக்கு அருகில் என்றால் திருவனந்தபுரத்திலும் காரைக்காலிலும். கடல்மேல் செயற்கைக்கோள் பார்வைதான் பெரிய துணை. அது மேகத்தின் உச்சியை நன்றாகக் காட்டும், அடியில் எவ்வளவு கொட்டுகிறது என்பதை ஊகித்துத்தான் சொல்லும்.

ராடாரிலும் நெல்லைக்கு ஒரு குறை இருந்தது. காரைக்கால் ராடாரில் இருந்து நெல்லை 300 கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைவதால் ராடார் அலை தூரம் போகப்போகத் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகும். 250 கிலோமீட்டரிலேயே அது 5, 6 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், கீழே பெய்வதை அதனால் பார்க்க முடியாது. திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனால் நடுவே அகத்தியமலை நிற்கிறது. தாழ்வாக வரும் அலையை மலை மறித்துவிடும்.

முன்னறிவிப்பாளரின் மேஜையில் இதையெல்லாம் ஒன்றுசேர்க்கும் ஒரு கருவி உண்டு. ஒரே மாதிரியை, தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய வானிலை மையம் 51 முறை ஓட்டுகிறது. 51-ம் ஏறத்தாழ ஒரே விடை சொன்னால் தைரியமாகச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு பக்கம் போனால் நிச்சயமில்லை என்று அர்த்தம். ஒரு உதாரணத்துக்கு, 51-இல் 30 ஓட்டங்கள் 10 முதல் 20 சென்டிமீட்டர் என்கின்றன, 19 அதற்கும் குறைவு என்கின்றன, இரண்டே இரண்டு மட்டும் 50 என்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக இருந்தால் என்ன அறிவிப்பீர்கள்? 50 என்று அறிவித்தால் பெரும்பாலும் தப்பும், நாலு முறை அப்படித் தப்பினால் ஐந்தாம் முறை யாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். 10 முதல் 20 என்று அறிவித்தால் பெரும்பாலும் பலிக்கும், ஆனால் அந்த இரண்டு ஓட்டங்கள் சொன்னது நடக்கும் நாளில் ஊர் மூழ்கும். இந்தத் தராசில் முழுத் திருப்தி தரும் முள் கிடையாது. அதனால்தான் சிவப்பு வந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள், செய்ய வேண்டியதைப் பாருங்கள் என்று சொல்கிறோம். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் இப்போதே செயல்படு. மழையின் அளவோடு, அது வரும் வாய்ப்பையும் வந்தால் ஏற்படும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிறம் கொடுக்கிறார்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். அறிக்கை வந்ததும் முதலில் இடத்தைக் குறிக்கும் சொல்லைத் தேடுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் நம் ஊர் அந்த ஓரிரு இடத்தில் ஒன்றாக இருக்குமா என்று யோசியுங்கள். காற்று கிழக்கே இருந்து வருகிறது, சுழற்சி எதுவும் பக்கத்தில் இல்லை என்றால் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையில் வாய்ப்பு அதிகம், பாளையங்கோட்டைக்குக் குறைவு. ஆனால் குமரிக்கடலிலோ மன்னார் வளைகுடாவிலோ சுழற்சி என்று அதே அறிக்கையில் இருந்தால் இந்த வழக்கமான கணக்கை விட்டுவிடுங்கள். 17-ஆம் தேதி மலையைவிடக் கடற்கரையில் அதிகம் பெய்ததை மேலே பார்த்தோம். சமவெளியில் காற்றை மேலே தூக்க மலை தேவைப்படவில்லை, சுழற்சியே தூக்கிவிட்டது. "பெரும்பாலான இடங்களில் மழை, ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்று வந்தால் பாளையங்கோட்டைக்காரர்களும் சாமானை மேலே ஏற்றி வைக்க வேண்டியதுதான்.

அடுத்து நேரம். வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவது இல்லை, காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. 17-ஆம் தேதி இரவு பெய்த மழை 18-ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். இது தெரியாமல் "நேற்று சொன்னார்கள், இன்றுதானே பெய்தது" என்று சண்டை போடுபவர்கள் நிறைய. ஐந்து நாள் அறிக்கையைத் திட்டமிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே விஷயத்தை நேற்றும் முந்தாநேற்றும் இன்றும் மாற்றாமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். தினமும் மாறினால் அவர்களுக்கே இன்னும் உறுதி இல்லை. மழை நாளன்று பயன்படுவது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு. அது செயற்கைக்கோளிலும் ராடாரிலும் ஏற்கெனவே தெரியும் மேகத்தை வைத்துச் சொல்வது.

செல்போன் ஆப்பில் உங்கள் தெருப்பெயர் வரைக்கும் போட்டு மாலை 4 மணிக்கு மேகப்படம் காட்டுவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பின்னால் இருப்பது பெரும்பாலும் அதே பெரிய கட்டத்தின் எண். வண்ணார்பேட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் தனித்தனியாகச் சொல்லும் அளவுக்கு அதில் நுணுக்கம் இல்லை. 60 சதவீதம் என்று காட்டினால், அப்படிக் காட்டிய பத்து நாட்களில் ஆறு நாள் பெய்ய வேண்டும். நாலு நாள் பெய்யாமல் போனால்தான் அந்த எண் சரி. சித்திரை, வைகாசி இடிமழையில் இந்த ஆப்புகள் சுத்தமாகக் கைவிடும். மாலையில் நெல்லைப் பக்கம் எங்காவது இடி இடிக்கும் என்று சொல்லலாம், எந்த ஊரில் என்பது மேகம் கட்டும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அறிக்கை நிஜமாகவே தப்பிவிட்டதா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, உங்கள் வானொலிக்கும் அது நல்ல நிகழ்ச்சியாகும். முந்தின நாள் அறிக்கையை ஒரு சொல் விடாமல் எழுதி வையுங்கள். மறுநாள் காலை மாவட்ட நிர்வாகம் வெளியிடும் மழை அளவுப் பட்டியலை எடுங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, களக்காடு, மூலைக்கரைப்பட்டி, ராதாபுரம் என்று இடம்வாரியாக இருக்கும். "ஓரிரு இடங்களில் கனமழை" என்று சொல்லியிருந்தால் 65 மில்லிமீட்டரைத் தொட்ட ஊர் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் வீண் எச்சரிக்கை. எச்சரிக்கையே இல்லாத நாளில் ஒரு ஊர் 65-ஐத் தாண்டியிருந்தால் அது தவறவிட்ட மழை. இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள், சேர்த்துவிடாதீர்கள். வீண் எச்சரிக்கையைக் குறைக்கப் பார்த்தால் தவறவிடுவது கூடும்.

பள்ளி மைதானத்திலும் ஒரு மழைமானி வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் செங்குத்தாக உள்ள தட்டை அடி டப்பா போதும். கட்டடத்திலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, திறந்தவெளியில், தரையில் தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாதபடி ஒரு அடி உயரத்தில் நேராக நிறுத்துங்கள். காலை 8.30-க்கு ஸ்கேலை உள்ளே விட்டு மில்லிமீட்டரில் படித்து, எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டுவிட்டால் பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று பிறகு தெரியாது. உங்கள் எண்ணைப் பாளையங்கோட்டைக்கு அரசுப் பட்டியலில் வந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். சில நாள் இரண்டும் பாதிக்குப் பாதி வித்தியாசப்படும், அளந்ததில் பிழை இல்லாமலேயே. ஒரே ஊருக்குள் மழை அப்படித்தான் பெய்கிறது.